கேட்கவில்லை என்று நான் போட்ட அடையாளங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், ற எங்கே ர எங்கே என்பதெல்லாம் பாதி ஊகம்தான். நூலகத்திலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் எடுத்து வாசித்துப் பழகிய தைரியத்தில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தட்டலாம், அது இப்போது எனக்கு ஓரளவு வரும். ஆனால் அந்தக் கீபோர்டில் இதைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

என் மனைவி இருபத்து மூன்று ஆண்டுகள் இங்கே சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். பேசுகிறவர் ஹலோ என்று சொன்னதுமே அவர் எந்த நாட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் குடித்துவிட்டுப் பேசினாலும், கொரியாக்காரர் அவசரத்தில் பேசினாலும், ஒருமுறைக்கு மேல் கேட்காமல் சரியான அறைக்கு இணைப்பாள். கூட வேலை செய்தவர்கள் புரியாத அழைப்புகளை அவளிடம் தள்ளிவிடுவார்களாம். அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் இதுதான்.

நான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் தட்டு, சட்டி கழுவுகிறேன். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். யாரிடமும் பேசவேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே ஒருவர் சொன்னது புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது. தலையை ஆட்டிவிடுவேன். அப்புறம் தெரிந்த அளவில் ஏதோ செய்து சமாளிப்பேன். பள்ளியில் ஆசிரியர் சொன்னது புரியாமல் தலையாட்டித்தான் பரீட்சையில் தோற்றேன்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவளுடைய கண்ணை எடுத்துக்கொண்டது. வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். விரல் நுனிகளும் மரத்துவிட்டன. வேலையை விட்டபின் குவீன்ஸ்டவுனில் எங்கள் இரண்டறை வீட்டில் வானொலியோடு உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் ஆங்கிலச் செய்தி ஓடும். செய்தி வாசிப்பவர் ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னால் இவள் திருத்துவாள். அப்படி இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள், “இந்தக் காது மட்டும்தாங்க மிச்சம். அதையும் சும்மா வெச்சிருக்கேன்” என்றாள்.

அதே மாடியில் நாலு கதவு தள்ளி ஒரு தமிழ் முஸ்லிம் பெண் இருந்தாள். எங்களைவிடப் பத்து வயது இளையவள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆங்கில ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்துவந்தாள். கூட்டங்கள், நேர்காணல்கள், விரிவுரைகள் என்று பதிவு செய்ததை அனுப்புவார்கள். கேட்டு அப்படியே டைப் செய்து அனுப்ப வேண்டும். என் மனைவி அதைக் கேள்விப்பட்ட அன்றே என்னை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொன்னாள்.

அந்தப் பெண் ஆசை காட்டிப் பேசவில்லை. அதற்கு இன்றும் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“அண்ணே, ஈசி காசுன்னு நெனச்சிடாதீங்க லா. அவங்க குடுக்கறது ஆடியோ நிமிஷத்துக்கு. நீங்க உக்காந்திருக்கிற நிமிஷத்துக்கு இல்ல. பத்து நிமிஷ ஃபைல்னா பத்து நிமிஷக் காசுதான், நீங்க அத முடிக்க ரெண்டு மணி நேரம் எடுத்தாலும்.”

ஒரு மணி நேர ஆடியோ தெளிவாக இருந்தால் அவளுக்கே நாலு மணி நேரம் பிடிக்குமாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு, ஏழு, சில சமயம் எட்டு. மனிதர்கள் நிமிடத்துக்கு நூற்றைம்பது வார்த்தை பேசுகிறார்கள். அவ்வளவு வேகமாக யாராலும் டைப் செய்ய முடியாது, அதனால் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது வார்த்தையாவது தட்ட வராவிட்டால் கஷ்டம் என்றாள். அறுபது வந்தால் மூச்சு விடலாம். பிறகு துல்லியம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வேண்டும் என்பார்கள். கேட்க லேசாகத் தோன்றும். ஆனால் புதியவர்கள் முதல் தடவை தட்டி முடித்ததில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்துதான் இருக்கும். மறுபடி ஆடியோவை ஓடவிட்டுத் திருத்தினால்தான் தொண்ணூற்றெட்டுக்கு ஏறும். அந்த இரண்டாம் சுற்றைச் சோம்பலால் விட்டவர்கள்தான் அதிகம் கழிக்கப்படுகிறார்கள் என்றாள்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன்னால் கேட்கமுடியும் ஆனால் தட்டமுடியாதே என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

என்னைத் தட்டவைத்து, போனில் நேரம் பார்த்து அந்தப் பெண் என் வேகத்தை அளந்தாள். நிமிடத்துக்குப் பதினாலு வார்த்தை. இரண்டு விரல். என் மனைவி சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “கோழி கொத்துற மாதிரி இருக்கு” என்றாள். மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அப்படிச் சத்தமாகச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஹோட்டலில் ரகசியம் காத்துப் பழகியவள் என்பதால், என் மனைவி முதலில் இந்த வேலையைத் தரும் கம்பெனிக்கு உண்மையைச் சொல்லி எழுதச் சொன்னாள். தனக்குக் கண் தெரியாது, தான் கேட்டுச் சொல்ல கணவர் தட்டுவார், இது சரியா என்று. பக்கத்து வீட்டுப் பெண்தான் அதை எழுதிக்கொடுத்தாள். ரகசியக் காப்புத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டால் ஆட்சேபணை இல்லை, தரம்தான் முக்கியம் என்று பதில் வந்தது. ஆடியோ நிமிடத்துக்கு எண்பது காசு. முதல் பத்து ஃபைல்கள் சோதனைக் காலம். அவற்றின் துல்லியச் சராசரி தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் கணக்கை மூடிவிடுவார்கள்.

நுழைவுச் சோதனைக்கு ஐந்து நிமிட ஆடியோ. ஒரு முழுநாள் அவகாசம். நாங்கள் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்தோம். அவசரமே இல்லாததால் அவள் ஒவ்வொரு வரியையும் தானாகவே மூன்று தடவை சொன்னாள். தேறிவிட்டோம். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை செய்யும் முறை எங்களுக்கே உரியதாக அமைந்தது. ஆடியோவை ஓட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் பெடல் ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண் இரவல் கொடுத்தாள். என் மனைவிக்குக் காலும் மரத்திருந்ததால் அதை மேசைமேல் வைத்து மணிக்கட்டால் அழுத்துவாள். ஹெட்போன் அவள் தலையில். எனக்கு ஆடியோ கேட்காது. அவள் குரல் மட்டும்தான் கேட்கும். அவள் ஒரு துண்டு கேட்பாள், நிறுத்துவாள், சொல்வாள், நான் தட்டுவேன். கீபோர்டு சத்தம் நின்றதும் அடுத்த துண்டுக்குப் போவாள்.

சொல்லும்போது அவள் குரல் மாறிவிடும். எங்கள் சமையலறையில் பேசும் குரல் இல்லை அது, ஹோட்டல் குரல். நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான ஆங்கிலத்தில், எவருடைய பேச்சையும் அவரவர் தோரணையிலேயே சொல்வாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை முதல் தடவையாக வேலை செய்யும் இடத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்தக் கூச்சத்தில்தான் தவறு ஆரம்பித்தது.

ஒரு துண்டில் பதினைந்து இருபது வார்த்தை இருக்கும். நான் எட்டாவது வார்த்தையில் இருக்கும்போது கடைசி வார்த்தைகள் என் தலையிலிருந்து போய்விடும். மறுபடி சொல் என்று சொன்னால் போதும். அவள் சொல்லியிருப்பாள், ஒரு தடவை கோபித்திருக்கவும் மாட்டாள். நான் கேட்கவில்லை. ஞாபகம் இருந்ததைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். அவளுக்கு அது முடிந்ததற்கு அடையாளம். பெடலை அழுத்துவாள்.

வார்த்தை விட்டுப்போனது தெரியாமலிருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எத்தனை முறை கேட்டும் புரியாத இடத்தில் ஊகித்து எழுதக்கூடாது, ‘இன்ஆடிபிள்’, அதாவது கேட்கவில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தந்திருந்தாள். ஊகிப்பதைவிட அது நாணயம் என்றாள். என் மனைவியும் அப்படியான இடங்களைச் சொல்வாள்; கூட்டத்தில் நாற்காலி இழுபடும் இடம், இரண்டு பேர் ஒன்றாகப் பேசும் இடம். அவை மிகச் சிலதான். நான் தவறவிட்ட இடங்களிலும் அதே அடையாளத்தைப் போட ஆரம்பித்தேன். முதல் ஃபைலில் இரண்டு. அப்புறம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

முதல் ஃபைல் பதினொரு நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கிடைத்தது எட்டு வெள்ளி எண்பது காசு. நான் மனதில் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்து மூன்று வெள்ளிகூட வரவில்லையே என்று நினைத்தேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. “மொதல்ல அப்படித்தாங்க. நம்ம வேகம் வந்தா நேரம் கொறையும்” என்றாள். அந்தக் காசைச் சேர்த்துக் கரண்டு பில்லைத் தானே கட்டப்போவதாகச் சொன்னாள்.

வேகம் வந்தது. ஆறேழு ஃபைலுக்குள் இருபதைத் தொட்டேன். ஆனால் கெடுவும் வந்தது. மத்தியானம் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி அவுட்ரம் பார்க்கில் மாறி வீடு சேர மூன்றாகிவிடும். சாப்பிட்டு உட்கார்ந்தால் ஏழு மணிக்குள் அனுப்ப வேண்டிய ஃபைல் காத்திருக்கும். இரண்டாம் சுற்றுக்கு நேரமில்லை என்று நான் சொன்னேன். அது பாதிதான் உண்மை. இரண்டாம் சுற்றில் நான் தட்டியதை அவளுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். வாசித்தால் ஓட்டைகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

பத்தாவது ஃபைல் அனுப்பிய மறுநாள், கடையின் பின்சந்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது போனில் என் மனைவிக்கு வந்த மின்னஞ்சல்களைத் திறந்தேன், கம்பெனியின் பதில் வந்திருந்தது. வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. சராசரி தொண்ணூற்று மூன்று. கணக்கு மூடப்படுகிறது. கீழே, பிரதிகளைச் சரிபார்க்கும் எடிட்டரின் குறிப்பு: ஆடியோவில் தெளிவாகக் கேட்கும் பல இடங்களில் கேட்கவில்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறது, எழுத்தாக்குபவரின் கேட்கும் திறன் இந்த வேலைக்குப் போதுமானதாக இல்லை.

கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரி அவளைப் பற்றியது. எழுதியது நான்.

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், “ரிசல்ட் வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சு. பாஸ்தான். தொடர்ந்து செய்யச் சொல்லிருக்காங்க.”

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் வேகமாகச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு நாலு வாரம் நாங்கள் யாருக்காகவும் இல்லாமல் வேலை செய்தோம். இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கும் ஆங்கில விரிவுரைகளை இறக்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்கு இருபத்திரண்டு நிமிட ஃபைல் என்று சொல்வேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டால் பெடலை அழுத்தி, ஹோட்டல் குரலில் சொல்வாள். நான் தட்டுவேன். கெடு இல்லாததால் ஒன்றிரண்டு தடவை, எப்படியோ, “திரும்பச் சொல்லு” என்றுகூடக் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த நாட்களில் தட்டியவை எல்லாம் நல்ல பிரதிகள். அனுப்ப இடமில்லாமல் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன.

வாரக் கடைசியில் என் சம்பளத்திலிருந்து எடுத்து அவள் கையில் கொடுப்பேன். முதல் மூன்று வாரம் ஜாக்கிரதையாக நிமிடத்தை எண்ணி எண்பது காசால் பெருக்கிக் கொடுத்தேன். நாலாவது வாரம் ஒரு ஃபைல் படாத பாடு படுத்தியது. பெரிய மண்டபத்தில் எடுத்தது. எதிரொலி, இருமல், பின்வரிசையில் யாரோ பேசுகிறார்கள். பாதியில் அவளுக்குத் தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையை ஒன்பது முறை ஓட்டிக் கேட்டு, சரியாகப் பிடித்தாள். யாருக்கும் தேவைப்படாத வார்த்தை அது. அந்த வாரம் மொத்தம் இருபது மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை மத்தியானம், எனக்குத் தெரிந்த ஒரே முறையில் கணக்குப் போட்டேன். மணிக்கு ஏழு வெள்ளி. நூற்று நாற்பதை அவள் கையில் வைத்து, எவ்வளவு என்று சொன்னேன்.

அவள் நோட்டுகளை மடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“இருவத்திரண்டு, பதினெட்டு, முப்பத்தொண்ணு, பதினாலு. எம்பத்தஞ்சு நிமிஷம்” என்றாள். “எம்பது காசு வெச்சா அறுவத்தெட்டு வெள்ளி. இது யாரு குடுத்த காசு?”

அறை எண்களை இருபத்து மூன்று வருடம் தலையில் வைத்திருந்தவள் அவள். ஒவ்வொரு ஃபைலின் நீளத்தையும் நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

கஷ்டமான ஆடியோவுக்குக் கூடக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம்; சில இடங்களில் அப்படிக் கொடுப்பதும் உண்டு. எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

“மணிக் கணக்குல குடுத்திருக்கீங்க” என்றாள். “மணிக் கணக்கு உங்க கடையிலதான். எப்பலேருந்து?”

நாலு வாரமாக என்றேன்.

“அவங்க என்ன எழுதுனாங்க? வாசிங்க. அப்படியே வாசிங்க.”

வாசித்தேன். அவளுக்கு என்னைவிட ஆங்கிலம் தெரியும், நான் எதையும் மாற்ற முடியாது. கேட்கும் திறன் போதுமானதாக இல்லை என்ற வரியில் என் குரல் இறங்கியது. அவள் மறுபடி வாசிக்கச் சொன்னாள். மறுபடி வாசித்தேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன இடங்கள் சில, நான் போட்டவை பல என்று. பிறகு ஒருநாள் பத்து ஃபைல்களையும் திறந்து எண்ணினேன். அவளுடையவை பத்தொன்பது. என்னுடையவை அறுபத்து நாலு. என்னுடையவற்றை எனக்கு அடையாளம் தெரியும். துண்டின் கடைசியில், வாக்கியம் முடியும் முன்பு வரும். அடையாளம்கூடப் போடாமல் விட்ட வார்த்தைகள் தனி. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது என் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் முன்னால் நின்ற பையன்போல நின்றேன்.

அவள் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். “நான் கேக்கலன்னு சொன்ன எடமெல்லாம் அவங்களுக்குத் தெளிவாக் கேட்டிருக்கு. எனக்குத்தான் கேக்கல” என்றாள். “கண்ணு போன மாதிரிதான் இதுவும் போவுது போல. உங்க மேல கோவம் இல்ல. எனக்கு வருத்தமா இருக்கும்னு மறச்சீங்க.”

பணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். பெடலை மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டு, முதல் தடவை பலருக்கும் இப்படித்தான் ஆகும், ஆறு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் முயற்சி செய்யலாம் என்றாள். இப்போது மெஷின் முதல் பிரதியை எழுதிவிடுகிறது, அதைத் திருத்தும் வேலைதான் அதிகம், அதற்கு இன்னும் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாள். நான் அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

அது நடந்து ஏழு மாதமாகிறது. வானொலியை அவள் இப்போது போடுவதில்லை. போன் அடித்தால் என்னிடம் நீட்டிவிடுகிறாள். நான் எதைச் சொன்னாலும், “என்ன சொன்னீங்க?” என்று ஒருமுறை கேட்கிறாள். அவளுக்குக் கேட்கிறது என்பது எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் லிஃப்ட் நிற்கும் சத்தத்துக்கே அவள் தலை திரும்புகிறது. ஆனால் தனக்குக் கேட்டது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஹோட்டல் குரலை நான் அதன் பிறகு கேட்கவே இல்லை.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “அந்த நூத்தி நாப்பது இருக்குல்ல? அதோட இன்னும் கொஞ்சம் சேத்து காதுக்கு ஒரு மெஷின் வாங்கலாமா? ஒரே எடத்துல உக்காந்திருக்கேன், அதுவாவது கேக்கட்டும்.” பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, காது பரிசோதனைக்கு வரும் வியாழக்கிழமை நேரமும் வாங்கியிருக்கிறாள்.

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றும் இல்லை அம்மா என்று சொல்லிவிடுவார். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இரண்டு நாள் அந்த நினைப்பில் இருந்தேன். அப்புறம் தோன்றியது: வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பாள். அப்படின்னா அவங்க ஏன் அப்படி எழுதுனாங்க என்று. எண்பத்தைந்து நிமிடத்தை மனதில் கூட்டியவள் இதையும் கூட்டிவிடுவாள். அந்த ஏழு மாதமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து.

நேரில் நின்று சொல்ல எனக்கு வராது, முயன்று பார்த்தேன். காய் நறுக்கும்போது ஒரு தடவை, கோவிலுக்கு அழைத்துப்போன பஸ்ஸில் ஒரு தடவை. இரண்டு தடவையும் அவள் “என்ன சொன்னீங்க?” என்றாள். நான் ஒன்றுமில்லை என்றேன். எழுதிவிட்டால் வாசித்துவிடலாம். எழுதியதை அப்படியே அவளுக்கு வாசிப்பது ஒன்றுதான் எனக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. அவள் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தி, மறுபடி வாசிப்பேன்.

வாசித்து முடித்தபின் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவள் மறுபடி வானொலி போடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எடிட்டரின் வரியை மன்னிக்கலாம், அவர் தனக்குக் கிடைத்ததை வைத்து எழுதினார். அவரை அப்படி எழுதவைத்த என்னை அவள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

இன்று எனக்கு விடுமுறை. மேசையில் பெடல் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கேதான் இந்த நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் உள்ளே படுத்திருக்கிறாள். பேனா நிற்கும்போதெல்லாம், “என்ன செய்யறீங்க?” என்று கேட்கிறாள். பேனா தாளில் உரசும் சத்தம் அவ்வளவு தூரத்துக்கு அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

12 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.